முள் ஏறினாலும் வலிக்காத கால்: கடலோரத்துச் சர்க்கரை நோயாளிகளுக்கான செய்முறை

பாம்பன், மண்டபம், தொண்டி என்று நம் கரையோரத்தில் காலில் குத்துவதற்கு எதுவும் குறைவில்லை. சீமைக்கருவேல முள், சிப்பி ஓடு, மீன் முள், மணலில் புதைந்த தூண்டில் என்று ஏதாவது ஒன்று கிடக்கும். சர்க்கரை பல வருடமாக இருந்தால் பாதத்து நரம்புகள் மரத்துப் போகலாம். முள் ஏறினாலும் வலிக்காது. அதனால் தினமும் காலைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

படி 1: ராத்திரி பார்வை

வேலை முடிந்து வந்ததும் நல்ல தண்ணீரில் காலைக் கழுவுங்கள். வெந்நீர் என்றால் வெதுவெதுப்பாக இருக்கட்டும். சூட்டைக் காலால் பார்க்காமல் முழங்கையால் பாருங்கள். அப்புறம் துண்டால் ஒற்றி எடுங்கள், விரலிடுக்கை மறக்காமல். ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும், அந்த வெடிப்பு வழியாகக் கிருமி உள்ளே போகும்.

நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து, தரையில் ஒரு முகக்கண்ணாடியை வைத்து அதன் மேல் பாதத்தைத் தூக்கிப் பிடியுங்கள். குதிகால், விரல்களின் அடிப்பக்கம், விரலிடுக்கு, நகத்தின் ஓரம் எல்லாம் பாருங்கள். கறுப்புப் புள்ளி, கொப்புளம், வெடிப்பு, காய்ப்புக்கு அடியில் ரத்தக்கட்டு போன்ற கருமை இருக்கிறதா என்று தேடுங்கள். பிறகு புறங்கையால் இரண்டு பாதங்களையும் தொட்டு ஒப்பிடுங்கள். ஒரு பாதம் மட்டும் சூடாக இருந்தால் உள்ளே ஏதோ நடக்கிறது. கண் மங்கலாக இருப்பவர்களுக்கு வீட்டில் வேறு ஒருவர் பார்த்துச் சொல்லட்டும்.

கடைசியாகக் குதிகாலுக்குக் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவலாம், விரலிடுக்கில் வேண்டாம். காய்ப்பையும் ஆணிக்காலையும் பிளேடால் சீவவே சீவாதீர்கள்.

படி 2: செருப்பு

ரப்பர் வார் செருப்பு சர்க்கரைக் காலுக்கு ஆகாது. பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே வார் உரசிப் புண்ணாக்கும். மெல்லிய அடி வழியாகக் கருவேல முள் சுலபமாக ஏறும். மைக்ரோ செல்லுலார் ரப்பர் என்ற மெத்தென்ற ரப்பரில் செய்த எம்.சி.ஆர். செருப்பு என்று கேளுங்கள். உள்ளே மெத்தென்று, அடிப்பாகம் கெட்டியாக, பின்னால் பட்டையோடு இருக்க வேண்டும். மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் அளவு பார்த்து வாங்குங்கள். புதுச் செருப்பை முதலில் ஒரு மணி நேரம் போட்டு, கழற்றிக் காலைப் பாருங்கள். சிவந்த இடம் இருந்தால் அங்கே அழுத்துகிறது.

போடும்போதெல்லாம் செருப்பைத் தட்டி, உள்ளே கைவிட்டுத் தடவுங்கள். வெயில் மணலிலும் கோவில் பிரகாரக் கல்லிலும் வெறுங்காலோடு நடப்பது கூடாது. சுட்டுக் கொப்புளித்தாலும் உங்களுக்குத் தெரியாது. கோவிலுக்குள் செருப்பு போட முடியாது என்பதால், வெயில் ஏறுவதற்கு முன் போய்வருவது நல்லது.

படி 3: ஏதாவது தென்பட்டால்

பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை உள்ள மீனவர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். ராத்திரி பார்க்கும்போது குதிகாலில் கறுப்புப் புள்ளி. செருப்பின் அடியில் ஒடிந்த கருவேல முள். வலி இல்லை. அவர் ஊசியால் தோண்டக் கூடாது, மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வைக்கக் கூடாது. சுத்தமான தண்ணீரில் கழுவி, சுத்தத் துணி கட்டி, அந்தக் காலை ஊன்றாமல் இருந்து, மறுநாள் காலையே மருத்துவரிடம் காட்ட வேண்டும். டி.டி. ஊசி தேவையா என்றும் கேட்க வேண்டும்.

புண்ணைச் சுற்றிச் சிவப்பு இருந்தால் அதன் ஓரத்தில் பேனாவால் கோடு போடுங்கள். கோட்டைத் தாண்டிப் பரவினால் காத்திருக்கக் கூடாது.

திருக்கை குத்தினால் சுடுநீரில் காலை வைப்பது நம் பக்கத்து வழக்கம். மரத்த காலோடு அதைச் செய்தால் தோல் வெந்துபோகும். கழுவிக் கட்டிக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எப்போது உடனே ஓட வேண்டும்

சிவப்பு 2 சென்டிமீட்டருக்கு மேல் பரவினால், சீழோ நாற்றமோ வந்தால், விரல் கறுத்தால், காய்ச்சலோ நடுக்கமோ வந்தால், அந்த ராத்திரியே 108-ஐ அழையுங்கள். கடல்நீர் பட்ட புண்ணில் ஊதா நிறக் கொப்புளம் வந்தாலும் அப்படியே. சில கடல் கிருமிகள் சில மணி நேரத்திலேயே பரவிவிடும். புண்ணே இல்லாமல் ஒரு பாதம் வீங்கிச் சிவந்து சூடாக இருந்தாலும் அன்றைக்கே காட்டுங்கள், அதுவரை ஊன்றி நடக்காதீர்கள். வலி இல்லாமலேயே உள்ளே எலும்பு நொறுங்கிக்கொண்டிருக்கலாம்.

போகும்போது மாத்திரைச் சீட்டோடு, முள் ஏறிய செருப்பையும் எடுத்துச் செல்லுங்கள். மர முள் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. எந்த இடத்தில், எந்தப் பக்கமாக ஏறியது என்பதைச் செருப்பைப் பார்த்து மருத்துவர் ஊகிக்க முடியும். ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்று அப்போதே கேட்டுவிடுங்கள்.