டூர் ப்ரோஷர்ல "சைட்சீயிங் உட்பட"னு மட்டும் போடாதீங்க

ஊட்டி பேக்கேஜ் ப்ரோஷர் எழுதுறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், "சைட்சீயிங் உட்பட"னு பார்த்தா குடும்பத்துல எல்லாரும் டிக்கெட்டும் சேர்த்துதான்னு நினைச்சுப்பாங்க, ஆனா நாம சொல்றது வண்டியை மட்டும்தான். அதனால அந்த வரியை இப்படி மாத்துங்க: "வண்டி, டிரைவர் பேட்டா, பார்க்கிங் எங்க செலவு. பொட்டானிக்கல் கார்டன் டிக்கெட், ஏரியில போட்டிங், மலை ரயில் டிக்கெட் நீங்க கட்டணும்." பக்கத்துலயே இன்னைய ரேட்டையும், விசாரிச்ச தேதியையும் போட்டுடுங்க.

அப்புறம் "ஒரு ஆளுக்கு 6,500"ங்கறது ரூமுக்கு ரெண்டு பேர் தங்குற கணக்கு, இது பல பேருக்குத் தெரியாது. அப்பா, அம்மா, 9 வயசு, 4 வயசுனு ஒரு குடும்பத்துக்கு எக்ஸ்ட்ரா பெட், ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவுன்னு கணக்குப் போட்டே காட்டிடுங்க. இதெல்லாம் கடைசிப் பக்கத்துல பொடி எழுத்துல வேண்டாம், விலைக்கு நேர் கீழயே வரணும்.