வங்கி பதில் அனுப்பிவிட்டது, ஆனால் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னதா?

போன மார்ச்சில் என் மைத்துனருக்கு நடந்தது இது. 3ஆம் தேதி வேறொரு வங்கியின் ஏடிஎம்மில் 10,000 ரூபாய் எடுக்கப் போனார், பணம் வரவில்லை, சீட்டும் வரவில்லை. சரி, மெஷின் கோளாறு என்று நினைத்து பக்கத்திலிருந்த இன்னொரு ஏடிஎம்மில் 10,000 எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். கணக்கில் இருந்த 21,300 ரூபாயில் இரண்டு 10,000மும் கழிந்து 1,300தான் மிச்சம் என்று இரவில்தான் பார்த்தார். 10ஆம் தேதி வண்டிக் கடனுக்கான 8,400 ரூபாய் இ.எம்.ஐ. பணமில்லாமல் திரும்ப, அவருடைய வங்கியே அதற்கு ஜிஎஸ்டியோடு சேர்த்து 590 ரூபாய் பிடித்தது.

ஆப்பில் போட்ட முதல் புகாரை ‘பரிவர்த்தனை வெற்றி’ என்று ஒரே வரியில் மூடிவிட்டார்கள். 18ஆம் தேதி எழுத்தில் கொடுத்தோம், நான்கு கோரிக்கைகளையும் எண் போட்டு: 10,000 ரூபாயைத் திருப்ப வேண்டும், தாமதத்துக்கு நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு வேண்டும், 590 ரூபாயைத் திருப்ப வேண்டும், பணம் வெளியே வந்தது என்று எதை வைத்து முதல் புகாரை மூடினீர்கள் என்று சொல்ல வேண்டும். ஏப்ரல் 4 தேதியிட்டு பதில் வந்தது. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: “தங்கள் கணக்கில் 02.04 அன்று ரூ.10,000 வரவு வைக்கப்பட்டுள்ளது. கட்டணங்கள் வங்கியின் கட்டண அட்டவணைப்படியே வசூலிக்கப்பட்டன. ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். புகார் தீர்க்கப்பட்டு முடிக்கப்படுகிறது.”

மைத்துனர் சந்தோஷப்பட்டுவிட்டார். பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு இதுதான், பெரிய தொகை வந்ததும் கடிதத்தின் மீதியை யாரும் படிப்பதில்லை. பதிலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு படித்தால் அது முழுமையானதாகத்தான் தெரியும், ஏனென்றால் எதை விட்டார்களோ அது அதில் இருக்காதே. உங்கள் புகாரைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே பதிலில் இருக்கும் வரியை எழுதுங்கள். நாங்கள் எழுதியபோது ஒன்றுக்கு வரி இருந்தது, இரண்டுக்கு எதுவுமே இல்லை, நாலுக்கும் இல்லை. மூன்றுக்கு ஒரு வரி இருந்தது, ஆனால் அதில்தான் விஷயமே இருக்கிறது.

‘அட்டவணைப்படி வசூலிக்கப்பட்டது’ என்பது பதில் மாதிரியே இருக்கும். ஆனால் நாம் கேட்டது 590 சரியான தொகையா என்று அல்ல. 3ஆம் தேதி தப்பாகக் கழித்த 10,000 கணக்கில் இருந்திருந்தால் இரண்டாவது முறை எடுத்தது போகவும் 11,300 இருந்திருக்கும், 8,400 தாராளமாகப் போயிருக்கும், அப்படியிருக்க இந்தக் கட்டணம் யார் தலையில் விழ வேண்டும் என்பதுதான் கேள்வி. கேட்காத கேள்விக்குச் சொன்ன சரியான பதிலை, கேட்டதற்கான பதில் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த வரியைப் படித்துவிட்டு ‘ஆமாம், அதனால்?’ என்று கேட்டுப் பாருங்கள், விஷயம் புரிந்துவிடும்.

இரண்டாவது கோரிக்கைக்கு வருவோம். ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி, ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் கழிந்தால் பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், அதைத் தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய், அதுவும் வாடிக்கையாளர் கேட்காமலே. நாள் என்றால் காலண்டர் நாள், ஞாயிறும் சேர்த்தி. மார்ச் 3இல் நடந்தது, கெடு மார்ச் 8. மார்ச் 9 முதல் 31 வரை 23 நாள், ஏப்ரலில் 2 நாள், ஆக 25 நாள், 2,500 ரூபாய். கடிதம் இதைப் பற்றி மூச்சே விடவில்லை, மறுக்கவும் இல்லை. இ.எம்.ஐ. திரும்பிய 10ஆம் தேதியும் இந்தக் கெடு தாண்டிய பிறகுதான், அது ஐந்து நாளுக்குள் நடந்திருந்தால் எங்கள் வாதம் இவ்வளவு வலுவாக இருந்திருக்காது.

மறுக்காமல் விடுவதில் வங்கிக்கு ஒரு வசதி இருக்கிறது, இது பலருக்குத் தெரியாது. ஓரளவு பெரிய வங்கிகள் எல்லாவற்றிலும் ‘உள் ஓம்பட்ஸ்மேன்’ என்று, நிராகரிக்கப்போகும் புகார்களை வங்கிக்குள்ளேயே மறுபடி பார்க்க ஒருவர் இருக்கிறார். புகாரை முழுதாகவோ ஒரு பகுதியையோ நிராகரிப்பதாக இருந்தால், வாடிக்கையாளருக்கு முடிவைச் சொல்வதற்கு முன் அவரிடம் அனுப்பியாக வேண்டும், அவர் பார்த்தார் என்பதும் பதிலில் இருக்க வேண்டும். ‘தீர்க்கப்பட்டது’ என்று மூடிவிட்டால் அந்தப் படியே வராது. அதனால் நான்கில் ஒன்றைக் கொடுத்துவிட்டு ‘தீர்க்கப்பட்டது’ என்று எழுதியிருந்தால், அதைப் பகுதி நிராகரிப்பு என்றே படியுங்கள், உள் ஓம்பட்ஸ்மேன் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்று தேடுங்கள். எங்களுக்கு வந்ததில் இல்லை.

அப்புறம் தீர்வு என்று எதைச் சொல்வது? ‘சம்பந்தப்பட்ட பிரிவுக்கு அனுப்பியுள்ளோம்’, ‘உரிய நடவடிக்கை எடுக்கப்படும்’ எல்லாம் தீர்வு இல்லை. எவ்வளவு, எந்தக் கணக்கில், எந்தத் தேதியில் என்ற மூன்றும் இருந்தால்தான் அது தீர்வு. அதையும் பாஸ்புக்கில் பார்த்து உறுதி செய்யுங்கள், வரவுக்கு எதிரே ‘தற்காலிகம்’ என்கிற மாதிரி ஏதாவது குறிப்பு இருந்தால் விசாரணை முடிந்ததும் திரும்ப எடுக்கவும் வாய்ப்புண்டு. கடிதத்தில் அது இறுதி வரவா என்று எழுதிக் கேட்டுவிடுவது நல்லது.

புகாரில் நீங்களே எழுதாத ஒன்றுக்குப் பதில் இல்லை என்று சண்டை போட முடியாது. மைத்துனரிடம் கடன் கம்பெனியும் தனியாக ஓர் அபராதம் வாங்கியிருந்தது, அதை நாங்கள் புகாரில் சேர்க்க மறந்துவிட்டோம், அது எங்கள் தவறு. அதற்குத் தனியாக எழுத வேண்டியதாயிற்று.

இந்த நேரத்தில் ‘திருப்தியா?’ என்று வரும் மெசேஜுக்கோ போனுக்கோ ஆமாம் சொல்லிவிடாதீர்கள். கிளைக்குப் போய் வாய்மொழியாகப் பேசிவிட்டு வருவதும் வேண்டாம், கடிதத்துக்குக் கடிதம்தான். நாங்கள் அனுப்பிய மெயில் ஐந்து வரி:

“தங்கள் 04.04 கடிதத்தில் கோரிக்கை 2, 4 ஆகியவற்றுக்குப் பதில் இல்லை. கோரிக்கை 3இல் கட்டணத்தின் அளவைச் சொல்லியிருக்கிறீர்கள், அதைத் திருப்பித் தரக் கேட்டிருந்தோம். இவற்றை ஏற்கிறீர்களா, நிராகரிக்கிறீர்களா? ஏற்றால் தொகையும் வரவு வைக்கும் தேதியும் தெரிவிக்கவும். நிராகரித்தால் காரணமும் உள் ஓம்பட்ஸ்மேனின் முடிவும் தெரிவிக்கவும்.”

ஒரு எச்சரிக்கை: வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஓம்பட்ஸ்மேனிடம் போகக் காலக்கெடு உண்டு, நாம் மறுகடிதம் எழுதிக்கொண்டே இருப்பதால் அது நின்றுவிடாது. பதில் கைக்கு வந்த தேதியைக் கடிதத்தின் மேலேயே குறித்து வையுங்கள், ஒரு தடவை கேட்டும் நேராகச் சொல்லவில்லை என்றால் cms.rbi.org.in தளத்தில் புகார், பதில், மறுகடிதம் மூன்றையும் இணைத்துப் போட்டுவிடலாம். முதல் புகாருக்கு 30 நாளாகியும் பதிலே வராவிட்டாலும் அங்கே போகலாம்.

எங்களுக்கு அது தேவைப்படவில்லை. பன்னிரண்டாம் நாள் 2,500ம் 590ம் தனித்தனி வரவாக வந்தன, கடிதத்தில் தேதியோடு. நாலாவது கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் இல்லை. மைத்துனர் விட்டுவிட்டார், எனக்குத்தான் மனசு ஆறவில்லை.