மதிப்பெண் பதிவில் திருத்தும் உரிமை கேட்கும்போது

"மதிப்பெண் போட முடியவில்லை" என்று மட்டும் எழுதினால், பள்ளியின் கணினி மதிப்பெண் பதிவைப் பார்த்துக்கொள்ளும் நிர்வாகிக்கு எதைத் திறப்பதென்று தெரியாது. முதலில் திரையைப் பாருங்கள். உங்கள் வகுப்பே பட்டியலில் வரவில்லையா? பாடம் உங்கள் பெயரில் ஒதுக்கப்படாமல் இருக்கலாம், அதைக் கேளுங்கள். வகுப்பு தெரிகிறது, கட்டங்கள் மட்டும் சாம்பல் நிறத்தில் இருக்கின்றனவா? பெரும்பாலும் இறுதிச் சமர்ப்பிப்புக்குப் பின் விழுந்த பூட்டுதான். அதற்கு இப்படி எழுதலாம்:

"ஐயா, வணக்கம். 9-ஆ பிரிவுக்கு அறிவியல் எடுக்கிறேன். அரையாண்டுத் தேர்வு மதிப்பெண்களை இப்போது பார்க்க மட்டுமே முடிகிறது. வரிசை எண் 17-க்கு 74 என்பது 47 எனப் பதிவாகியுள்ளது. இந்தப் பிரிவு, இந்தப் பாடத்துக்கு மட்டும் வெள்ளி மாலை வரை திருத்தும் உரிமை தர வேண்டுகிறேன். விடைத்தாள் முகப்பின் நகலும் தலைமையாசிரியர் ஒப்புதலும் இணைத்துள்ளேன்."

கீழே பெயர், பணியாளர் எண், பயனர் பெயர். கடவுச்சொல் மட்டும் வேண்டவே வேண்டாம்.

"எல்லா வகுப்புக்கும்" என்று கேட்காதீர்கள், ஒப்புதல் இழுத்துக்கொண்டே போகும். உரிமை வந்த பிறகும் கட்டம் திறக்கவில்லையென்றால், வெளியேறி மறுபடி உள்நுழைந்து பாருங்கள். அப்புறம் திருத்திய பக்கத்தை அச்செடுத்து வையுங்கள். தரப்பட்டியல் ஏற்கெனவே தயாராகியிருந்தால் அதையும் மறுபடி உருவாக்கச் சொல்ல வேண்டும்.