சேலை ரீல்ஸ்: காது கேளாதவருக்கும் பார்வையற்றவருக்கும்

"இந்தக் கலரைப் பாருங்க, விலை இவ்ளோதான்!" என்று பேசி, விலையைத் திரையில் மட்டும் போட்டால் பார்வையற்றவருக்கு எதுவும் போய்ச் சேராது. வீடியோவுக்குள் பதிந்த எழுத்தை டாக்பேக் போன்ற திரைவாசிப்பான்கள் பொதுவாக வாசிப்பதில்லை. அதனால் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள்: "மாம்பழ மஞ்சள் காட்டன் சேலை, இரண்டு விரல் அகல அரக்கு பார்டர், முந்தானையில் கோடுகள், விலை 850 ரூபாய்."

இதையே பதிவோடு எழுதும் கேப்ஷனின் முதல் வரியிலும் எழுதுங்கள். ஹேஷ்டேக்குகள் கடைசியில் வரட்டும். பத்து நெருப்பு எமோஜி போட்டால், கேட்பவர் காதில் "நெருப்பு, நெருப்பு" என்று வரிசையாக விழலாம்.

காது கேளாதவருக்கு, பேசிய அத்தனையும் திரையில் எழுத்தாக வர வேண்டும். தமிழில் தானியங்கி கேப்ஷனை நம்பாமல் நீங்களே தட்டச்சு செய்வது நல்லது. ஒரு நேரத்தில் இரண்டு வரி போதும். நிதானமாக ஒருமுறை வாய்விட்டுப் படித்து முடியும்வரை அது திரையில் நிற்கட்டும். ஜரிகை மேல் வெள்ளை எழுத்து கரைந்துவிடும், பின்னால் கறுப்புப் பட்டை கொடுங்கள். மெல்லிய எழுத்துருவில் மெய்யெழுத்தின் புள்ளி காணாமல் போகும், தடித்ததே சரி. அடிப்பகுதியில் கணக்குப் பெயரும் வலது ஓரத்தில் லைக் பட்டனும் எழுத்தை மறைக்கும். நடுவுக்குச் சற்றுக் கீழே வையுங்கள்.

பதிவிடும் முன் ஒலியை அணைத்து ஒருமுறை பாருங்கள். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துக் கேளுங்கள்: நிறமும் விலையும் புரிகிறதா?