சுருக்கக் குறிப்பின் ஒவ்வொரு வரிக்கும் நேரக்குறி இடும் முறை

ஒன்றே முக்கால் மணி நேரம் நடந்த குடியிருப்போர் சங்கக் கூட்டத்தின் யூடியூப் பதிவுக்குச் சுருக்கம் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வரியும் பதிவில் எங்கே பேசப்பட்டது என்பதை வாசகர் உடனே கேட்டுச் சரிபார்க்க முடிய வேண்டும்.

முதலில், வாசகர் கேட்கப்போகும் அதே பதிவைத் திறந்துகொள்ளுங்கள். கைப்பேசியில் இருக்கும் மூலக் கோப்பிலிருந்து நேரத்தைக் குறித்துவிட்டு, தொடக்கத்தில் மைக்கைச் சரிசெய்த 2 நிமிடம் 10 விநாடியைப் பிறகு வெட்டிப் பதிவேற்றினால், எல்லாக் குறிகளும் உரிய இடத்தைத் தாண்டி நிற்கும். பிழை எல்லா வரியிலும் ஒரே அளவாக இருந்தால் காரணம் இதுதான். ஒவ்வொரு நேரத்திலிருந்தும் 2:10-ஐக் கழித்தால் சரியாகிவிடும்.

அடுத்து, சரியான இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். தண்ணீர்த் தொட்டியைச் சுத்தம் செய்யும் பேச்சு 41:10-இல் தொடங்குகிறது. அங்கே பொருளாளர் 18,000 ரூபாய் ஆகும் என்கிறார். விவாதத்திற்குப் பிறகு 52:35-இல் 15,000 ரூபாய்க்கு ஒப்புதல் கிடைக்கிறது. முடிவைச் சொல்லும் வரிக்கு 41:10 என்று குறித்தால், வாசகர் வேறொரு தொகையைக் கேட்டுவிட்டுச் சுருக்கமே தவறு என்று நினைப்பார். பேச்சைத் தானாகவே எழுத்தாக்கி யூடியூப் காட்டும் எழுத்துப்படி இடத்தைத் தேட உதவும் என்றாலும், பதினைந்தாயிரமும் பதினெட்டாயிரமும் தானியங்கி எழுத்தில் மாறிவிடக்கூடும் என்பதால், தொகைகளைக் காதால் கேட்டே உறுதிசெய்யுங்கள்.

மூன்றாவதாக, ஒப்புதல் கேட்கும் கேள்வியும் காதில் விழும்படி சற்று முன்னதாக, 52:20-இல் குறியை வையுங்கள். இணைப்பில் நேரத்தை விநாடிகளில் எழுதலாம்: 52 × 60 + 20 = 3140.

```
https://youtu.be/VIDEO_ID?t=3140
```

VIDEO_ID உள்ள இடத்தில் உங்கள் பதிவின் அடையாளத்தை இடுங்கள். சுருக்கத்தில் அந்த வரி இப்படி அமையும்: “தொட்டியைச் சுத்தம் செய்ய 15,000 ரூபாய் ஒப்புதல் [52:20], முதலில் கூறப்பட்ட மதிப்பீடு 18,000 [41:10].” இரண்டு இடங்களிலிருந்து திரட்டிய வரிக்கு இரண்டு குறிகள் தேவை, ஒன்றை மட்டும் இட்டால் பாதிக் கூற்று ஆதாரமின்றி நிற்கும்.

சில வரிகளுக்கு எவ்வளவு தேடினாலும் இடம் கிடைக்காது. “ஏகமனதாக ஏற்றனர்” என்று எழுதியிருப்பீர்கள். பதிவிலோ இருவர் மட்டும் சரி என்று சொல்ல, மற்றவர்கள் பேசாமல் இருந்திருப்பார்கள். அப்போது அருகிலுள்ள ஏதோ ஒரு நேரத்தை ஒட்டிவிடாமல், வரியையே “எவரும் மறுப்புத் தெரிவிக்கவில்லை” என்று திருத்துங்கள். நான் இம்முறையை விடாமல் பின்பற்றுவதற்கு முதன்மையான காரணம், இடம் தேடும்போதுதான் என் சொந்த மிகைச்சொற்கள் எனக்கே புலப்படுகின்றன என்பதே.

கடைசியாக, கூட்டத்திற்கு வராத ஒருவரிடம் சுருக்கத்தைக் கொடுத்து, ஒவ்வொரு இணைப்பையும் அழுத்தச் சொல்லுங்கள். அரை நிமிடத்திற்குள் அந்தக் கூற்று அவர் காதில் விழவில்லை என்றால், அந்தக் குறியை நகர்த்துங்கள்.