ஒரே படம், ஐந்து வகுப்பு: பார்த்தல், யோசித்தல், கேட்டல் முறையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒன்று முதல் ஐந்து வரை ஒரே அறையில் உட்காரும் வகுப்புகளில் இந்த முறையைப் புதிதாகத் தொடங்கியிருக்கும் ஆசிரியர்கள் சிலரோடு அண்மையில் உட்கார்ந்து பார்த்தேன். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ப்ராஜெக்ட் ஜீரோ என்ற ஆய்வுக் குழு வடிவமைத்தது இது. ஒரு படத்தை எல்லோர் முன்னாலும் வைத்து மூன்று கேள்விகளை வரிசையாகக் கேட்கிறோம். என்ன தெரிகிறது? அதைப் பற்றி என்ன நினைக்கிறாய்? என்ன கேட்கத் தோன்றுகிறது? அவ்வளவுதான். ஆனால் தொடங்கும் காலத்தில் நாங்களெல்லாம் சறுக்கிய அதே இடங்களில்தான் இவர்களும் சறுக்குகிறார்கள். படம் பெரிதாக இருக்க வேண்டும், கடைசி வரிசைக்கும் தெரிய வேண்டும் என்பதையெல்லாம் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

நினைத்ததைப் பார்த்ததாக ஏற்றுக்கொள்வது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இந்தத் தவறில்தான். பார்ப்பதற்கு மிகச் சாதாரணமாக இருக்கும். வகுப்பில் பாதிப் பேரின் வாயை அடைத்துவிடும்.

அன்று ஓர் ஆசிரியை மாமல்லபுரத்துப் பெரிய பாறைச் சிற்பத்தின் படத்தைக் கரும்பலகையில் ஒட்டியிருந்தார். ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர் வேலை. இரண்டு பெரும் பாறைகள், நடுவில் ஒரு பிளவு, இருபுறமும் நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்கள். பல வயதுப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான படம் கிடைப்பது கடினம். “என்ன தெரியுது?” என்று அவர் கேட்டதும் ஐந்தாம் வகுப்புப் பையன் கை தூக்கினான். “முனிவர் தவம் பண்றாரு டீச்சர்.” அவரும் “ஆமா” என்று சொல்லி, ‘தெரிகிறது’ என்ற தலைப்பின் கீழ் அதை எழுதிவிட்டார். அடுத்து நான்காம் வகுப்புப் பெண், “சிவன் வரம் குடுக்கிறாரு.” அதுவும் பலகைக்குப் போனது. முன்வரிசையில் இருந்த ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் படத்தை விட்டுவிட்டு அண்ணன் அக்காக்களின் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். கடைசிவரை அவர்களில் ஒருவரும் பேசவில்லை.

முனிவர், தவம், வரம் மூன்றும் படத்தில் இல்லை. அந்தப் பிள்ளைகள் கேட்ட கதைகளில் இருப்பவை. படத்தில் இருப்பது வேறு. ஒல்லியான ஓர் ஆள் ஒற்றைக் காலில் நிற்கிறார். விலா எலும்பு தெரிகிறது, தாடி இருக்கிறது, இரண்டு கைகளும் தலைக்கு மேலே கோத்திருக்கின்றன. இத்தனையையும் ஆறு வயதுக் குழந்தை சொல்லிவிடும். கதை தெரிந்தவன் அவசரப்பட்டுத் தாண்டிப் போகும் விவரங்களை அது பல நேரம் பெரியவர்களுக்கு முன்பே பார்த்துவிடும். முதல் கேள்வி ஒன்றில்தான் ஆறு வயதும் பத்து வயதும் சமம். அந்த இடத்தில் கதையை உள்ளே விட்டால், கதை தெரியாத சின்னவர்களுக்குச் சொல்ல எதுவும் மிஞ்சாது.

இதற்கு நான் வைத்திருக்கும் வழி எளிது. படத்தின் பக்கத்தில் ஒரு குச்சி இருக்கும். சொல்கிறவர் எழுந்து வந்து, சொன்னதைக் குச்சியால் தொட்டுக் காட்ட வேண்டும். “தவம்” என்றவனிடம் “தவத்தைத் தொட்டுக் காட்டு” என்றால் அவன் குச்சியைக் காலுக்குக் கொண்டு போவான், பிறகு கைக்கு. “அப்போ நீ பார்த்தது என்ன?” என்று கேட்டால் போதும், “ஒத்தக் கால்ல நிக்கிறாரு” என்று தானே திருத்திக்கொள்வான். அவன் சொன்ன ‘தவம்’ வீணாகவில்லை. அதை அடுத்த தலைப்பின் கீழ் அவன் பெயரோடு குறித்து வைத்து, “இதுக்கு அப்புறம் வர்றேன்” என்று சொல்லிவிடுகிறேன். முறை வரும்போது “எதைப் பார்த்து அப்படிச் சொல்றே?” என்று கேட்கிறேன். ஒற்றைக் கால், விலா எலும்பு, தூக்கிய கை என்று சின்னவர்கள் சேர்த்து வைத்ததை எடுத்துத்தான் அவன் பதில் சொல்லியாக வேண்டும்.

இதே படத்தில் வலப்பக்கம், யானைகளின் அருகே ஒரு பூனையும் கையைத் தூக்கி நிற்கிறது. சுற்றிலும் எலிகள். ஒரு வகுப்பில் இரண்டாம் வகுப்புச் சிறுமி அதைத் தொட்டு, “இதுவும் அந்த ஆள் மாதிரியே நிக்குது” என்றாள். அதுவரை தவத்தைப் பற்றி நிச்சயமாக இருந்த பெரிய பிள்ளைகளுக்குக் குழப்பம் வந்துவிட்டது. பூனை தவம் செய்யுமா? எலிகள் ஏன் ஓடவில்லை? எலிகளை ஏமாற்றத் தவசி வேடம் போட்ட பூனையின் கதை மகாபாரதத்தில் இருக்கிறது. அதை நான் அப்போது சொல்லவில்லை. “நடிக்குதோ?” என்று அவர்களே கேட்டார்கள்.

குச்சி விதிக்கும் ஓர் எல்லை உண்டு. “தண்ணி இல்ல” என்று ஒரு குழந்தை சொன்னால் இல்லாததை எப்படித் தொடுவது? அதை மறுக்காதீர்கள். “எங்கே இருக்கும்னு நினைச்சே?” என்று கேட்டால், நாகர்கள் செதுக்கியிருக்கும் நடுப் பிளவைக் காட்டக்கூடும். அது மிகக் கூர்மையான கவனிப்பு.

படத்தின் பெயரை முன்பே சொல்வது

சொல்லாதீர்கள். படத்தின் அடியில் அச்சாகியிருந்தால் மடித்து ஒட்டுங்கள்.

பெரியவர்கள் முதலில் பேசுவது

சின்ன வகுப்பிலிருந்து தொடங்குங்கள். அதற்கு முன் ஒரு நிமிடம் எல்லோரும் பேசாமல் பார்க்கட்டும். கை தூக்குவதும் கூடாது.

எழுதுகிற பிள்ளை வார்த்தையை மாற்றுவது

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சொல்வதை ஐந்தாம் வகுப்பினர் எழுதிக் கொடுப்பது நல்ல ஏற்பாடு. ஆனால் “ஒரு மாமா துணியப் பிழியிறாரு” என்று சின்னவன் சொன்னது, தாளில் “பக்தர் நீராடுகிறார்” என்று ஏறிவிடுகிறது. முதலில் சொன்ன அதே தவறு பின்வாசல் வழியாக வருகிறது. இடப்பக்கம் கீழே, சிறு கோயிலுக்கு அருகில் ஒருவர் துணியை முறுக்கிப் பிழிவது அப்படியே தெரிகிறது. அவர் பக்தரா, நீராடினாரா என்பது யோசிக்க வேண்டியது. எழுதியதைச் சொன்ன குழந்தைக்கே படித்துக் காட்டி, “நீ சொன்னது இதுதானா?” என்று கேட்கச் சொல்லுங்கள். தலையாட்டினால்தான் பலகைக்குப் போகலாம்.

‘வெரி குட்’

ஒருவருக்குச் சொன்னால் அடுத்தவர்கள் அதே மாதிரி பதிலைத் தேடுவார்கள். “சரி, வேற?” போதும்.

கேள்விக்கு உடனே பதில் தருவது

மூன்றாவது கட்டத்தில் “நடுவுல ஏன் பிளந்திருக்கு?” என்ற கேள்வி பெரும்பாலும் வரும். விடை தெரிந்த ஆசிரியருக்கு நாக்கு துறுதுறுக்கும். அப்படியே எழுதி வைத்துவிட்டு வகுப்பை முடியுங்கள். அறிஞர்களே இந்தச் சிற்பத்தைப் பற்றி இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். பாசுபதம் வேண்டி அர்ச்சுனன் செய்த தவம் என்று ஒரு தரப்பு. பகீரதன் தவத்தால் கங்கை இறங்கிய காட்சி என்று இன்னொரு தரப்பு. இரண்டாம் தரப்பினர் அந்தப் பிளவையும், பாறை உச்சியில் தண்ணீர் தேக்க இடம் இருந்ததற்கான அடையாளத்தையும் காட்டுகிறார்கள்.

அடுத்த நாள் இரண்டு கதைகளையும் சொல்லுங்கள். பிறகு முந்தின நாள் ‘தெரிகிறது’ பட்டியலை எடுத்து, எந்த வரி எந்தக் கதைக்குச் சாட்சி என்று பிள்ளைகளே கோடு போட்டு இணைக்கட்டும். நாகர்களும் துணி பிழிகிறவரும் கங்கைப் பக்கம் போவார்கள். ஒற்றைக் காலில் நிற்பவர் இரண்டுக்கும் பொருந்துவார். அப்போது அர்ச்சுனன் கட்சிக்கும் பகீரதன் கட்சிக்கும் சண்டை வரும். அந்தச் சண்டையில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சொன்ன வரிகளும் சாட்சிக்கு வரும். பூனையை எந்தப் பக்கம் சேர்ப்பது என்பதில் மட்டும் என் வகுப்புகள் இதுவரை ஒத்துப்போனதில்லை.