இரவு அல்ட்ரா ஓட்டம்: பின்னிரவு 3 மணியில் மாட்டிவிடும் தவறுகள்

ஹெட்லேம்ப் பெட்டியில் "400 லூமன், 8 மணி நேரம்" என்று போட்டிருந்தால், 8 மணி நேரமும் 400 லூமன் கிடைக்கும் என்று நம்புவதுதான் முதல் தவறு. பலரும் பின்பற்றும் ஏ.என்.எஸ்.ஐ. எஃப்எல்-1 தரமுறையில், வெளிச்சம் தொடக்க அளவில் 10 சதவீதமாகக் குறையும்வரை ஆகும் நேரத்தைத்தான் 'ரன் டைம்' என்று கணக்கிடுகிறார்கள். அதாவது எட்டாவது மணி முடியும்போது 40 லூமன் மட்டுமே மிஞ்சியிருக்கலாம்.

மாலை 7 மணிக்கு முழு வெளிச்சத்தில் போட்டவருக்கு அந்த நேரம் பின்னிரவு 3 மணி. உடல் வெப்பம் இறங்கி, தூக்கம் உச்சத்தில் அழுத்துகிற வேளையும் அதுதான். பல விளக்குகளில் வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதால் கண் அதற்குப் பழகிவிடும். இறக்கத்தில் கால் தயங்குகிறது, கல்லில் இடிக்கிறது. அசதி என்று நினைத்துக்கொள்வோம். சந்தேகம் வந்தால் உதிரி விளக்கைப் போட்டு ஒப்பிட்டுப் பாருங்கள், சட்டென்று தெரிந்துவிடும்.

ஏற்றத்தில் நடக்கும்போது 100 லூமன் தாராளம். 300-ஐ இறக்கத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி தீரும்வரை காத்திருக்காமல், நள்ளிரவை ஒட்டி வரும் உதவி நிலையத்தில், அங்கிருக்கும் வெளிச்சத்திலேயே மாற்றிவிடுங்கள். பனிமூட்டம் இருந்தால் நெற்றி விளக்கின் ஒளி கண்ணுக்கே திரும்பி வெள்ளைச் சுவராக நிற்கும். அப்போது விளக்கைக் கையிலோ இடுப்பிலோ பிடிப்பது நல்லது. கற்களின் நிழலும் நீளமாக விழுந்து மேடுபள்ளம் தெளிவாகும்.

மங்கிய விளக்கின் இன்னொரு விளைவு, பார்வை பாதத்தைச் சுற்றிய வட்டத்துக்குள்ளேயே சுருங்கிவிடுவது. கிளைப்பாதை பக்கத்தில் பிரிவது தெரியாமல் நேராகப் போய்விடுவோம். முன்னால் தெரியும் விளக்கைப் பின்தொடர்வது தீர்வல்ல. அவரும் வழி தவறியிருக்கலாம். வழக்கமாக அடிக்கடி வரும் பாதைக் குறி 5 நிமிடமாகக் கண்ணில் படவில்லையென்றால் நின்று, ஜிபிஎஸ் வாட்சில் தடத்தைப் பாருங்கள். அதிலும் தெளிவில்லையா, கடைசியாகப் பார்த்த குறிக்கே திரும்புங்கள். 'இன்னும் கொஞ்ச தூரம் பார்ப்போம்' என்று இறக்கத்தில் போனால், அவ்வளவையும் திரும்ப ஏற வேண்டியிருக்கும்.

அப்புறம் தூக்கம். கண் சொருகிய பிறகு காபி குடித்தால் அது முழுதாக வேலை செய்ய அரை மணிக்கு மேல் ஆகலாம். மரக்கட்டை மனிதனாகத் தெரிவது பல ஓட்டக்காரர்களுக்கு நேர்வதுதான், அதற்காகப் பயப்பட வேண்டாம். ஆனால் நேராக ஓட முடியாமல் தள்ளாடினால், செங்குத்துச் சரிவுக்கு முன்பே நின்றுவிடுங்கள். காபி குடித்து, உலர்ந்த ஜாக்கெட் போட்டு, 20 நிமிடத்துக்கு அலாரம் வைத்துப் படுங்கள். எழும்போது காபியும் வேலையைத் தொடங்கியிருக்கும். பாதையோரம் படுத்தால், ஊன்றுகோல்களின் முனை போக வேண்டிய திசையைக் காட்டும்படி வைத்துவிட்டுப் படுங்கள்; அரைத்தூக்கத்தில் எழுந்து வந்த வழியே ஓடுபவர்கள் உண்டு.